தனித்தனியாக வாங்கினால் எவ்வளவு? ஒரு பொங்கல் தொகுப்பின் கணக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாதவர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



வரவு செலவு, தண்ணீர்த் தொட்டி, வாகன நிறுத்தம் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு இருபது நிமிடம் தந்திருக்கிறார்கள். நான் பேசப் போவது நம் வாட்ஸ்அப் குழுவில் பண்டிகைக்குப் பண்டிகை வரும் ஒரு செய்தியைப் பற்றி. "மெகா காம்போ, இத்தனை ரூபாய் மதிப்பு, வெறும் இவ்வளவுதான்" என்று வருமே, அதுதான்.

தீபாவளிக்கு அப்படி ஒரு செய்தியால் குழுவில் இரண்டு நாள் நடந்த வாக்குவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒருவர் காம்போ வாங்கினார். பிறகு அதே பொருட்களின் விலையைத் தனித்தனியாக விசாரித்துக் குழுவில் போட்டார். விற்றவர் நம் குடியிருப்பிலேயே இருக்கும் ஒரு தங்கை. எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, சிப்ஸ் என்று சுற்றுவட்டாரத்தில் வாங்கி விற்றுக் குடும்பத்துக்குக் கை கொடுப்பவர். யாரையும் ஏமாற்ற நினைப்பவர் இல்லை. ஆனால் அந்த இரண்டு நாளில் "ஏமாற்று" என்ற சொல் நான்கு முறை குழுவில் வந்தது. ஒரே படியில் ஏறி இறங்குபவர்களுக்குள் அந்தச் சொல் சுலபத்தில் அழியாது.

பொங்கலுக்கு முன் அவர் என்னிடம் வந்தார். பலசரக்குக் கடைகளுக்குக் கணக்கு எழுதியவன் என்பதால், "அண்ணே, இந்தத் தடவ போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு பார்வை பாத்துக் குடுங்க" என்றார். அந்தச் செய்தியை நாங்கள் இருவரும் உட்கார்ந்து திருத்திய கதைதான் இன்றைய பேச்சு. பெயர் சொல்லாமல் பேச அவர் சம்மதம் தந்திருக்கிறார். எண்களைப் புரிவதற்கு வசதியாகக் கொஞ்சம் முழு எண்ணாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு அப்படியே இருக்கிறது.

அவர் எழுதி வைத்திருந்தது இது:

"மெகா பொங்கல் காம்போ! ரூ.1,260 மதிப்புள்ள 6 பொருட்கள் வெறும் ரூ.899 மட்டுமே! 40% சேமிப்பு! துணிப்பை முற்றிலும் இலவசம்!"

கீழே ஐந்து பொருட்களின் பெயர்கள் இருந்தன. செக்குத் தேங்காய் எண்ணெய், செக்கு நல்லெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, பலாக்காய் சிப்ஸ், மஞ்சள் தூள். எந்தப் பொருளுக்கும் எடை இல்லை, தனி விலையும் இல்லை.

முதலில் நான் கேட்டது, "1,260 எங்கேருந்து வந்துச்சும்மா?" என்றுதான். காம்போ செய்தியைப் பார்க்கும்போது நீங்களும் முதலில் கேட்க வேண்டியது அதையே. 899 என்பது நீங்கள் கொடுக்கப் போகும் பணம், அதில் சந்தேகம் கிடையாது. மிச்சம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது அதற்கு எதிரே நிற்கும் பெரிய எண். அந்த எண்ணை எப்படிக் கூட்டினார்கள் என்று தெரியாதவரை "சேமிப்பு" என்பது வெறும் சொல்.

அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். தேங்காய் எண்ணெய் ஒரு லிட்டர் 520, நல்லெண்ணெய் அரை லிட்டர் 260, நாட்டுச் சர்க்கரை ஒரு கிலோ 120, சிப்ஸ் 180, மஞ்சள் தூள் 60, துணிப்பை 120. கூட்டினால் 1,260 சரியாக வருகிறது. கூட்டலில் பிழை இல்லை. ஆனால் கூட்டிய ஒவ்வொரு எண்ணும் எதைக் குறிக்கிறது என்று பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

அந்த விலைகள் எல்லாம் பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி. அதாவது அதிகபட்ச சில்லறை விலை, எல்லா வரிகளும் உட்பட. அதற்கு மேல் விற்கக் கூடாது என்று சட்டம் போட்ட கூரை அது. அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்பதில்லை. இந்தத் தங்கையே தேங்காய் எண்ணெயை ஆண்டு முழுவதும் 480க்குத்தான் விற்கிறார். நல்லெண்ணெய் 240, சர்க்கரை 100, மஞ்சள் தூள் 50. நாளை காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு லிட்டர் எண்ணெய் கேட்டால் 480 வாங்குவார், 520 வாங்க மாட்டார். ஆகவே தனியாக வாங்கும் விலை 480தான். யாருமே கொடுக்காத 520ஐ வைத்துக்கொண்டு, "அதில் மிச்சம்" என்று சொல்ல முடியாது.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் பூவை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். கீரமங்கலம் கமிஷன் மண்டியில் மல்லிகைக்கும் முல்லைக்கும் முகூர்த்த நாளில் ஒரு விலை, மறுநாள் ஒரு விலை. முகூர்த்தம் முடிந்த மறுநாள் ஒரு பூக்காரம்மா, "நேத்து வித்த விலைய விடப் பாதிக்குத் தர்றேன், உனக்கு இவ்வளவு மிச்சம்" என்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். இன்றைய விலை என்னவோ அதுதான் விலை என்று நமக்குத் தெரியும். பூவில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நாம், மளிகைக் காம்போ என்றதும் அடித்துக் காட்டிய பழைய விலையை நம்பிவிடுகிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. ஒரு கடை விலையைக் குறைத்திருப்பதாக அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாட்களில் அந்தப் பொருளை விற்ற மிகக் குறைந்த விலையைத்தான் முந்தைய விலை என்று காட்ட வேண்டும். 2022 மே மாதத்திலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் அவ்வளவு குறிப்பான 30 நாள் கணக்கு இல்லை. ஆனால் அதன் நியாயம் எந்த ஊருக்கும் பொருந்தும்.

எம்.ஆர்.பி.யைக் காட்டவே கூடாதா என்று அவர் கேட்டார். காட்டலாம். அப்படியானால் அது எம்.ஆர்.பி.களின் கூட்டுத்தொகை என்று அந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும். "மதிப்பு" என்று பொதுவாக ஒரு சொல்லைப் போட்டு மூடக் கூடாது. உண்மையிலேயே எம்.ஆர்.பி.க்கே விற்கும் கடைகளும் இருக்கின்றன. அங்கே இரண்டு எண்ணும் ஒன்றாகிவிடும், குழப்பம் வராது.

அடுத்தது சிப்ஸ். தனியாக அவர் விற்பது 250 கிராம் பாக்கெட். அச்சிட்ட விலை 180, விற்கும் விலை 150. காம்போவுக்காக அவர் 200 கிராம் பாக்கெட் போட்டிருந்தார், பெட்டியில் அதுதான் அடங்குகிறது என்று. கணக்கிலோ 250 கிராமின் விலையே நின்றுவிட்டது. கிலோவில் வாங்கிய பூவுக்கும் முழத்தில் வாங்கிய பூவுக்கும் விலையை நேருக்கு நேர் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கே நடந்தது. இரண்டு பக்கமும் அளவு ஒன்றாக இருந்தால்தான் விலையை ஒப்பிட முடியும்.

150 ரூபாய்க்கு 250 கிராம் என்றால் ஒரு கிராம் 60 காசு. 200 கிராமுக்கு 120 ரூபாய். இதுதான் பட்டியலில் வர வேண்டிய எண். இந்தக் கிராம் கணக்கை நீங்கள் காகிதத்தில் போட வேண்டியதே இல்லாத பாக்கெட்டுகளும் உண்டு. பாக்கெட் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகளில் 2021இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அதன்படி மொத்த விலையோடு அலகு விலையையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்டானால் ஒரு கிராமுக்கு எவ்வளவு, அதற்கு மேலானால் ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று இருக்கும். எண்ணெய்க்கு மில்லிலிட்டர், லிட்டர். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். காம்போவில் வரும் பாக்கெட்டையும் கடையில் இருக்கும் பாக்கெட்டையும் அந்த எண்ணை வைத்து ஒப்பிட்டால் அளவு சுருங்கியிருந்தால் உடனே தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனம். அந்த அலகு விலை எம்.ஆர்.பி.யிலிருந்து வந்தது. நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலைக்கு வேண்டுமானால் ஒரு தடவை வகுத்துப் பார்க்கத்தான் வேண்டும்.

இனி துணிப்பை. தீபாவளிச் சண்டையில் பாதி இதனால் வந்தது. செய்தியில் பை "முற்றிலும் இலவசம்" என்று இருக்கிறது. அதே பை 120 ரூபாய் என்று 1,260க்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. இலவசமாகத் தருகிறோம் என்றால் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கணக்கில் சேர்த்தால் இலவசம் என்று சொல்லக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால், வாங்குபவர் அந்தப் பையை இருமுறை மிச்சமாக எண்ணிக்கொள்கிறார்.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. அதில் இலவசம் என்ற சொல்லுக்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒரு தொகுப்பின் விலைக்குள்ளேயே அடங்கிவிட்ட பொருளை இலவசம் என்று சொல்லக் கூடாது என்பது அதில் ஒன்று. இலவசம் கொடுப்பதற்காக மற்ற பொருளின் தரத்தையோ அளவையோ குறைத்திருந்தால் அப்போதும் அந்தச் சொல் கூடாது. சிப்ஸ் 250இலிருந்து 200 ஆனது பைக்காக அல்ல என்று தங்கை சொன்னார், நான் நம்புகிறேன். ஆனால் செய்தியைப் படிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? குறைந்த அளவும் "இலவசம்" என்ற சொல்லும் ஒரே செய்தியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் படிப்பவர் இரண்டையும் முடிச்சுப் போடத்தான் செய்வார்.

பைக்கு 120 என்று எப்படிப் போட்டார் என்றும் கேட்டேன். "டவுன்ல ஒரு கடையில அந்த மாதிரிப் பை அந்த விலைக்குப் பாத்தேன்" என்றார். அவர் பையைத் தனியாக விற்பதே இல்லை. தனியாக விற்காத பொருளுக்குத் தனி விலை கிடையாது. ஆகவே அதைக் கூட்டலில் இருந்து எடுத்துவிட்டோம். பை தொடர்ந்து உண்டு, எண் மட்டும் இல்லை.

இப்போது கூட்டிப் பாருங்கள். தேங்காய் எண்ணெய் 480, நல்லெண்ணெய் 240, சர்க்கரை 100, சிப்ஸ் 120, மஞ்சள் தூள் 50. மொத்தம் 990. இதுதான் அதே பொருட்களை அதே அளவில் அதே ஆளிடம் தனித்தனியாக வாங்கினால் நாம் கொடுக்க வேண்டிய பணம். தொகுப்பு 899. மிச்சம் 91 ரூபாய்.

அடுத்து அந்த 40 சதவீதம். பழைய எண்களையே எடுத்துக்கொள்வோம். 1,260இல் 899 போக 361. இந்த 361ஐ 1,260ஆல் வகுத்தால் 29 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகத்தான் வருகிறது. அப்படியானால் 40 எப்படி வந்தது? கால்குலேட்டரில் அவர் 361ஐ 899ஆல் வகுத்திருக்கிறார், நாற்பது வந்துவிட்டது. இதை நான் பல கடைகளின் நோட்டீசுகளில் பார்த்திருக்கிறேன். எல்லாம் வேண்டுமென்று செய்வதில்லை. கையில் இருக்கும் எண்ணால் வகுப்பது மனித இயல்பு.

மிச்சத்தின் சதவீதத்தை எப்போதும் தனித்தனியாக வாங்கும் மொத்தத்தால்தான் வகுக்க வேண்டும். "நான் கொடுக்க வேண்டியிருந்த பணத்தில் எவ்வளவு பங்கு மிஞ்சியது" என்பதே கேள்வி. சரி பார்க்கவும் ஒரு சுலபமான வழி இருக்கிறது. சொன்ன சதவீதத்தைப் பெரிய எண்ணிலிருந்து கழித்துப் பாருங்கள், தொகுப்பு விலை வர வேண்டும். 1,260இல் 40 சதவீதம் என்பது 504. கழித்தால் 756. அவர் கேட்பதோ 899. அப்போதே கணக்கு உதைக்கிறது என்று தெரிந்துவிடும். செல்போனில் அரை நிமிட வேலை.

உண்மையான எண்களில் 91ஐ 990ஆல் வகுத்தால் 9 சதவீதமும் கொஞ்சமும். "சுமார் 9%" என்று எழுதலாம். 10 என்று உயர்த்தி எழுத வேண்டாம் என்றேன். சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்குவது விற்பவரின் பழக்கம். கீழ்நோக்கி முழுமையாக்கினால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

இங்கேதான் அவர் முகம் வாடிப் போனது. "அண்ணே, நாப்பதுன்னு போட்ட எடத்துல ஒம்பதுன்னு போட்டா யாருண்ணே வாங்குவா? பக்கத்துல இன்னொருத்தங்க அம்பதுன்னு போடறாங்க."

அந்தக் கவலை நியாயமானது. ஒரு தொகுப்புக்கு அவருக்குக் கிடைக்கும் லாபம் என்ன என்று அவரே சொன்னார். நான் அதை இங்கே சொல்லவில்லை, ஆனால் அது 91 ரூபாயை விடக் குறைவு. அதாவது தன் கைக்கு வருவதை விட அதிகமாக நமக்கு விட்டுக் கொடுக்கிறார். உண்மையாகவே 40 சதவீதம் தள்ளுபடி தர வேண்டுமானால் 990இல் 396 போக 594 ரூபாய்க்குத் தர வேண்டும். இரண்டு எண்ணெயின் அசலுக்கே அது பத்தாது. நடக்க முடியாத எண் அது. பக்கத்தில் 50 என்று போடுபவருக்கும் இதே கதையாகத்தான் இருக்கும். பெரிய எண்ணை எங்கிருந்தோ வரவழைத்திருப்பார்.

நான் அவரிடம் சொன்னது இவ்வளவுதான். வெளியூர் ஆளுக்கு ஒரு தடவை விற்றுவிட்டுப் போகிறவருக்கு 40 வேலை செய்யலாம். அதே நாற்பது வீட்டுக்குத் தீபாவளி, பொங்கல், சித்திரை என்று திரும்பத் திரும்ப விற்பவருக்கு, தீபாவளியில் நடந்ததுதான் நடக்கும். யாராவது ஒருவர் கூட்டிப் பார்ப்பார். 91 ரூபாய் என்று அவரே கூட்டிக் காட்டிவிட்டால் யாரும் கூட்டிக் காட்ட மிச்சம் எதுவும் இல்லை. அதோடு, சிறிய தொகுப்பில் சதவீதத்தை விட ரூபாயே நன்றாகப் பேசும் என்பது என் எண்ணம். 91 ரூபாய் என்றால் ஒரு கிலோ நாட்டுச் சர்க்கரைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று எந்த வீட்டிலும் புரியும். அதனால் ரூபாயை முன்னால் வைத்தோம், சதவீதத்தை அடைப்புக்குறிக்குள் தள்ளினோம்.

திருத்திய செய்தி இப்படி அமைந்தது:

"பொங்கல் தொகுப்பு – ரூ.899
தனித்தனியாக வாங்கினால் எங்களிடம் என்ன விலை:
செக்குத் தேங்காய் எண்ணெய் 1 லிட்டர் – ரூ.480
செக்கு நல்லெண்ணெய் 500 மி.லி. – ரூ.240
நாட்டுச் சர்க்கரை 1 கிலோ – ரூ.100
பலாக்காய் சிப்ஸ் 200 கிராம் – ரூ.120 (250 கிராம் ரூ.150 என்ற கணக்கில்)
மஞ்சள் தூள் 100 கிராம் – ரூ.50
தனித்தனியாக மொத்தம் – ரூ.990
தொகுப்பாக – ரூ.899
உங்களுக்கு மிச்சம் – ரூ.91 (990இல் சுமார் 9%)
தொகுப்புடன் ஒரு துணிப்பையும் வரும். அதன் விலையை மேலே சேர்க்கவில்லை. தொகுப்பாக வாங்கினாலும் தனியாக வாங்கினாலும் வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறோம், அதற்குக் கட்டணம் இல்லை.
ஜனவரி 5 அன்று நாங்கள் விற்கும் விலைகள். ஜனவரி 13 மாலை வரை இதே விலை."

கடைசி இரண்டு வரிகள் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். கொண்டு வந்து தரும் கட்டணம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மிச்சம் மாறிவிடும். தொகுப்புக்கு 40 ரூபாய் டெலிவரி, தனியாக வாங்கினால் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 91 என்பது 51 ஆகிவிடும். ஆன்லைனில் காம்போ வாங்கும்போது பணம் கட்டும் கடைசித் திரையில்தான் இது தெரியும். நம் தங்கையிடம் இரண்டு பக்கமும் கட்டணம் இல்லை, எனவே கணக்கு மாறவில்லை.

தேதி போடுவது தேங்காய் எண்ணெய்க்காக. 2018 கஜா புயலில் நம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் சாய்ந்ததையும், 2025இல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய வேகத்தையும் பார்த்தவர்கள் நாம். பட்டியலில் பாதிப் பணம் அந்த ஒரு பாட்டிலில்தான் இருக்கிறது. அதன் விலை லிட்டருக்கு 40 ரூபாய் இறங்கினால் தனித்தனி மொத்தம் 950 ஆகி, மிச்சம் 51க்குப் போய்விடும். தேதி இல்லாவிட்டால் பிப்ரவரியில் யாராவது அந்தச் செய்தியை மறுபடி அனுப்பி, "மிச்சம் 91னு சொன்னீங்களே" என்று கேட்பார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் எடையையும் விலையையும் தனியாக எழுதினால் செய்தி நீளமாகிறது என்று சிலர் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் தமிழக அரசு ரேஷன் கடைகளில் 500 ரூபாய்க்கு 19 மளிகைப் பொருட்கள் கொண்ட தொகுப்பை விற்றது நினைவிருக்கும். துவரம் பருப்பு அரை கிலோ, உப்பு ஒரு கிலோ என்று ஒவ்வொன்றுக்கும் அளவோடு பட்டியல் செய்தித்தாள்களில் வந்தது. பத்தொன்பது வரி வந்தும் யாருக்கும் நீளமாகத் தோன்றவில்லை. கையில் காசு குறைவாக இருந்த நேரம், வீட்டில் இருப்பது எது, இல்லாதது எது என்று பட்டியலைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள்.

பட்டியலின் பயன் அதுதான். மொத்தமாக "91 மிச்சம்" என்பது ஐந்து பொருளும் தேவைப்படும் வீட்டுக்கு மட்டும் உண்மை. உங்கள் வீட்டில் மஞ்சள் தூள் ஏற்கெனவே இருக்கிறது, சிப்ஸை யாரும் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேண்டியது மூன்று பொருள். 480, 240, 100, மொத்தம் 820. தொகுப்பு 899. உங்களுக்கு மிச்சம் இல்லை, 79 ரூபாய் கூடுதல் செலவு. இன்னொரு வீட்டில் பிள்ளைகள் விடுமுறைக்கு வருகிறார்கள், சிப்ஸ் வேண்டும், மஞ்சள் தூள் மட்டும் வேண்டாம். அவர்களுக்குத் தனியாக 940, தொகுப்பு 899. மஞ்சள் தூளை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டால்கூட 41 ரூபாய் மிச்சம். ஒரே தொகுப்பு, மூன்று வீட்டில் மூன்று விடை. தனி விலைகள் கண்ணில் பட்டால்தான் அவரவர் தேவையில்லாததை அடித்துவிட்டு மீதியைக் கூட்ட முடியும். மொத்தத் தொகை மட்டும் இருந்தால் அந்தக் கணக்குக்கு வழியே இல்லை.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு. நல்லெண்ணெயை நீங்கள் வழக்கமாக ஒரு லிட்டராக வாங்குபவர் என்றால், லிட்டருக்கு அவர் விலை 450. அரை லிட்டருக்கு உங்களுக்கு விழுவது 225தான், 240 அல்ல. உங்கள் மிச்சம் 15 ரூபாய் குறைகிறது. ஒவ்வொரு வீட்டின் வழக்கத்துக்கும் விற்பவர் கணக்குப் போட்டுத் தர முடியாது. அதே அளவில் அவரே விற்கும் விலையைச் சொல்வது வரை அவர் பொறுப்பு. வேறு கடையில் அதைவிட மலிவாகக் கிடைக்கிறதா, பெரிய பாட்டில் வாங்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் வாங்குபவர் பார்த்துக்கொள்ள வேண்டியது. "எங்களிடம் என்ன விலை" என்று செய்தியில் எழுதச் சொன்னதும் அதனால்தான். ஊர் விலைக்கு அவர் உத்தரவாதம் தரவில்லை.

கூட்டத்தில் ஒரு அம்மா கேட்ட கேள்வியையும் பதிலையும் இங்கே சேர்க்கிறேன். "பெரிய கடையில, ஆன்லைன்ல இப்படி ஏமாத்தினா நாம யாரப் போய்த் திருத்தறது?" என்றார். கடையில் கேட்கலாம், பெரும்பாலும் பில் போடுபவருக்கு விடை தெரியாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அழைப்பதற்கு முன் விளம்பரத்தின் படம், பில், பொருட்களின் தனி விலை தெரியும் படம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தனி விலையை அன்றைக்கே படம் எடுத்துவிட வேண்டும். மறுநாள் மாற்றிவிட்டால் உங்கள் கையில் ஆதாரம் இருக்காது.

நம் குழுவுக்கு ஒரு வேண்டுகோளை நிர்வாகக் குழுவிடம் வைத்திருக்கிறேன். தொகுப்பு விற்பனைச் செய்தி போடுபவர்கள் ஒவ்வொரு பொருளின் அளவையும், அவர்களே தனியாக விற்கும் விலையையும், தேதியையும் எழுதட்டும். "மதிப்பு", "இலவசம்" என்ற இரண்டு சொற்களையும் கணக்கோடு மட்டும் பயன்படுத்தட்டும். எழுதத் தயக்கம் உள்ளவர்கள் போடும் முன் என்னிடம் அனுப்பினால் கூட்டிப் பார்த்துத் தருகிறேன். மாலை ஏழு மணிக்கு மேல் இரண்டாம் மாடியில் இருப்பேன்.

தங்கையின் சித்திரைத் தொகுப்புச் செய்தி சென்ற வாரம் வரைவாக வந்திருக்கிறது. இந்தத் தடவை சிப்ஸ் 250 கிராம் பாக்கெட்டையே வைக்கிறாராம், பெரிய பெட்டி கிடைத்துவிட்டதாம். மாங்காய் ஊறுகாய் ஒன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதைத் தனியாக விற்கத் தொடங்கிய பிறகு விலை எழுதுகிறேன் என்று அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறார்.